14-ஆவது பங்கேற்பாளர் விலகினால்? நேர்காணல் ஒலிப்பதிவுகளுக்கான சேமிப்புத் திட்டம் திரும்பி வந்துவிட்டது

இரவுப்பணி_ஆய்வு (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், இரவு 9:40

முதுகலை ஆய்வேட்டுக்காக, இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களை நேர்காணல் செய்யப் போகிறேன். மொத்தம் 24 பேர், ஆளுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பேச்சில் மேலதிகாரிகளைப் பற்றியும் வரும், மருந்து மாறிப்போன இரவைப் பற்றியும் வரும். வெளியே போனால் வேலைக்கே ஆபத்து.

நெறிமுறைக் குழுவுக்கு நான் எழுதிக்கொடுத்த திட்டம் எளிமையானது. மடிக்கணினியில் ஒரு பிரதி, வெளி வட்டில் ஒரு பிரதி, பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் ஒரு பிரதி, எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு. இதுவே போதும் என்று நினைத்தேன். குழு ஒரே ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்பிவிட்டது:

"14-ஆவது பங்கேற்பாளர் ஆறு வாரம் கழித்து விலகுகிறார். அந்த நாளில் அவருடைய குரல் எங்கெங்கே இருக்கும், எப்படி அழிப்பீர்கள், அழிந்துவிட்டது என்பதை எப்படி உறுதி செய்வீர்கள்?"

ஒப்புதல் படிவத்தில் "எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் பதிவு முழுவதுமாக அழிக்கப்படும்" என்று நானேதான் எழுதியிருந்தேன். இப்போது உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், எத்தனை பிரதி இருக்கும் என்றே என்னால் சொல்ல முடியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

---

சும்மா_வந்தவன்
திங்கள், இரவு 10:05

தலைப்பில் "சேமிப்புத் திட்டம்" என்று பார்த்ததும் எந்த கிளவுட் பிளான் எடுக்கலாம், எத்தனை ஜிபி வேண்டும் என்று கேட்கிறீர்கள் என நினைத்துக் கணக்கெல்லாம் போட்டுவிட்டேன். போட்டதை வீணாக்குவானேன். சுருக்காத `.wav` கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் பதிந்தால் மணிக்குச் சுமார் 346 எம்பி. உங்களுக்கு 24 × 1.25 = 30 மணி நேரம். மொத்தம் பத்தரை ஜிபிகூட வராது. ஒரு யூஎஸ்பி குச்சியில் அடங்கிவிடும். இதில் என்ன பிரச்சினை?

---

இரவுப்பணி_ஆய்வு
திங்கள், இரவு 10:11

இடம் பிரச்சினையே இல்லை. நன்றாகப் பரவிக் கிடப்பதுதான் பிரச்சினை. :)

---

வட்டு_வைத்தியர்
திங்கள், இரவு 10:48

இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறார்கள் என்று புரியவில்லை. காப்புப்பிரதிக்கு மூன்று-இரண்டு-ஒன்று விதி இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். நீங்கள் எழுதியது ஏறக்குறைய அதேதான். அழிக்க வேண்டுமென்றால், சாதாரணமாக டெலீட் செய்யாமல், கோப்பின் மேல் மூன்று முறை குப்பைத் தரவை எழுதும் நிரல் ஏதாவது ஒன்றை ஓட்டுங்கள். மூன்று இடத்திலும் ஓட்டினால் முடிந்தது. திட்டத்தில் இரண்டு வரி.

---

ஒலிக்காப்பகம்
செவ்வாய், காலை 6:55

வட்டு வைத்தியர் சொல்வதில் முதல் பாதி சரி, மறுபாதி பழைய காலத்து வட்டுக்குச் சரி. சுழலும் காந்த வட்டில் ஒரே முறை மேலெழுதினாலே போதும், மூன்று முறைகூட வேண்டாம். ஆனால் இன்றைய மடிக்கணினியில் இருப்பது எஸ்எஸ்டி, பதிவுக் கருவியில் இருப்பது மெமரி கார்டு. இரண்டுமே ஃபிளாஷ் நினைவகம். எல்லா அறைகளும் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, நாம் "இதே இடத்தில் எழுது" என்று சொன்னாலும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு வேறோர் அறையில் எழுதிவிடும். பழைய அறையில் குரல் அப்படியே இருக்கலாம். மேலெழுதும் நிரல் "முடிந்தது" என்று சொல்லும், அது உண்மையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் அந்த நிரலை ஓட்டவே முடியாது, வட்டு உங்கள் கையில் இல்லையே.

நான் பல வருடங்களாக ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். மாணவர்களின் திட்டங்கள் வாரத்துக்கு ஒன்றாவது மேசைக்கு வரும். அவற்றில் அடிக்கடி பார்க்கும் முரண் இதுதான்: தொலையக் கூடாது என்பதற்காகப் பிரதிகளைப் பெருக்குகிறோம், அழிக்க முடிய வேண்டும் என்றால் பிரதிகளைக் குறைக்க வேண்டும். உங்கள் குழு இந்த இடத்தில்தான் விரலை வைத்திருக்கிறது. கெட்டிக்காரக் குழு.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். 14-ஆவது ஆளின் பதிவு எங்கே பிறந்து எங்கெல்லாம் நடந்து போகிறது என்று காகிதத்தில் எழுதுங்கள். நீங்கள் தெரிந்தே வைக்கும் பிரதிகள் மட்டுமல்ல, கருவிகள் தாமாகப் போடும் பிரதிகளையும் சேர்த்து. இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

---

பாதியில்_பட்டம்
செவ்வாய், காலை 8:20

என் கதையைச் சொல்கிறேன், நான் செய்ததைச் செய்யாமல் இருக்கவாவது உதவும்.

என் ஆய்வில் ஒருவர் விலகினார். கோப்புகளுக்கு எல்லாம் பங்கேற்பாளர்களின் பெயரைத் தமிழிலேயே வைத்திருந்தேன் (முதல் தவறு). அவர் பெயர் "கோ" என்று தொடங்கும். தேடினேன், இரண்டு கோப்பு வந்தது, அழித்தேன், அவருக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து வெளி வட்டைத் துழாவும்போது அதே பெயரில் மூன்றாவது கோப்பு சிரித்துக்கொண்டிருக்கிறது! கண்ணுக்கு எழுத்துக்கு எழுத்து அதே பெயர்தான்.

விசாரித்ததில் தெரிந்தது: யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வும் ஓகாரக் குறி ஒன்றுமாக எழுதலாம், அல்லது க-வும் ஏகாரக் கொம்பும் துணைக்காலுமாக மூன்று குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்த மூன்றாவது கோப்பு வேறொரு கணினியில் ஜிப் செய்து வந்தது. நான் வைத்திருந்த தேடும் நிரலுக்கு அது வேறு பெயர்.

அவரிடம் "எல்லாம் அழித்தாகிவிட்டது" என்று எழுதிக்கொடுத்திருந்தேன். மறுபடி எழுதிச் சொல்லும்போது கை நடுங்கியது.

---

ஒலிக்காப்பகம்
செவ்வாய், காலை 9:02

நல்ல உதாரணம், வலித்தாலும். கோப்புப் பெயர் `P14_audio.wav` போல ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது, பெயரும் கசியாது. P14 யார் என்று சொல்லும் பட்டியல் தனி இடத்தில் இருக்கட்டும், பதிவுகள் இருக்கும் அதே வட்டில் வேண்டாம். நேர்காணல் நடந்த நாளைக்கூடக் கோப்புப் பெயரில் போட வேண்டாம் என்பேன். பணி அட்டவணையை வைத்திருக்கும் மேலாளருக்கு, எந்த நாளில் யாருக்கு ஓய்வு என்பது தெரியுமே.

---

இரவுப்பணி_ஆய்வு
செவ்வாய், இரவு 11:30

எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. முன்னோட்டமாக ஒரு தோழியிடம் எடுத்த பதிவை வைத்து ஒவ்வோர் இடமாகத் தேடினேன்.

பதிவுக் கருவியின் கார்டில் ஒன்று. மடிக்கணினியில் நகலெடுத்தது ஒன்று. கருவி சொதப்பினால் என்ன செய்வது என்று செல்பேசியிலும் பதிந்தேன், அங்கே ஒன்று. அந்தச் செல்பேசி ராத்திரியில் தானாகவே கிளவுடுக்கு அனுப்பியிருந்தது, அது நான் அறியாதது. வெளி வட்டில் ஒன்று. பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் ஒன்று. அதற்கு அவர்கள் எடுக்கும் இரவுக் காப்புப்பிரதி வேறு. கணினிப் பிரிவில் கேட்டேன்: அழித்த கோப்பு அங்கே 90 நாள் இருக்குமாம், நடுவில் ஒரு தனிக் கோப்பை மட்டும் எடுத்துப்போட மாட்டார்களாம். இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டியில் திறந்து சேமித்தேன், அந்த `.aup3` கோப்புக்குள் முழு ஒலியும் இருக்கிறது. இது எனக்குப் புதுச் செய்தி, ஏதோ குறிப்புகள்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆக எட்டு. எழுத்துப்படியை இன்னும் எண்ணவே இல்லை.

---

ஒலிக்காப்பகம்
புதன், காலை 7:10

எட்டில் இரண்டை இப்போதே வெட்டுங்கள். செல்பேசிப் பதிவு வேண்டாம். மாற்றுக் கருவி வேண்டுமென்றால் துறையில் இன்னொரு பதிவுக் கருவியைக் கடன் வாங்குங்கள். செல்பேசியில்தான் பதிந்தாக வேண்டும் என்றால் சிம்மும் கணக்கும் எதுவும் இல்லாத பழைய செல்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துப் பதியுங்கள். சில செயலிகள் கோப்புக்குப் பதிவான இடத்தின் பெயரையே வைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மருத்துவமனை வளாகத்தின் பெயரோடு ஒரு கோப்பு கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மீதிக்கு என் யோசனை: அழிக்க முடியாத இடங்களுக்குத் திறந்த ஒலி போகவே கூடாது. ஒவ்வொரு நேர்காணலையும் அதற்கே உரிய தனிப் பாஸ்வேர்டால் பூட்டிய பிறகுதான் வெளி வட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்ப வேண்டும். 24 நேர்காணல், 24 பாஸ்வேர்டு. P14 விலகினால் கைக்கு எட்டும் பிரதிகளை அழித்துவிட்டு, P14-இன் பாஸ்வேர்டையும் அழித்துவிடுங்கள். இரவுக் காப்புப்பிரதியில் கோப்பு 90 நாள் கிடந்தாலும் அது யாராலும் திறக்க முடியாத வெறும் இரைச்சல்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய பெட்டகமாகப் பூட்டினால் இது நடக்காது. ஒருவருக்காகச் சாவியை எறிந்தால் 23 பேரும் போய்விடுவார்கள்.

செவன்-ஜிப்பில் இப்படி:

```
7z a -p -mhe=on P14.7z P14_audio.wav
7z t P14.7z
sha256sum P14.7z > P14.sha256
```

முதல் வரியில் `-p`-க்குப் பின்னால் எதுவும் எழுதாதீர்கள், அது பாஸ்வேர்டைக் கேட்கும், நீங்கள் தட்டலாம். வரியிலேயே எழுதினால் கட்டளை வரலாற்றில் பாஸ்வேர்டு தங்கிவிடும். `-mhe=on` உள்ளே இருக்கும் கோப்புப் பெயரையும் மறைக்கும். இரண்டாவது வரி, பூட்டியதை மறுபடி திறக்க முடிகிறதா என்று சோதிக்கும். மூன்றாவது வரி கோப்புக்கு ஒரு கைரேகை எடுத்து வைக்கும். நகல் போய்ச் சேர்ந்த இடத்தில் `sha256sum -c P14.sha256` என்று கொடுத்தால் ஒரு பிட் மாறியிருந்தாலும் சொல்லிவிடும்.

---

வட்டு_வைத்தியர்
புதன், காலை 9:44

எஸ்எஸ்டி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், நான் பழைய பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

ஆனால் 24 பாஸ்வேர்டை எங்கே வைப்பது? கீபாஸ் மாதிரி ஒரு பாஸ்வேர்டு பெட்டியில் போட்டு, அந்தக் கோப்பைக் கிளவுடில் வைத்துக்கொண்டால் எந்தக் கணினியிலும் திறக்கலாமே.

---

ஒலிக்காப்பகம்
புதன், காலை 10:15

அங்கேதான் பிரச்சினை வால் முளைத்துத் திரும்பி வரும். பாஸ்வேர்டு பெட்டியும் ஒரு கோப்புதான். P14-ஐ அதிலிருந்து நீக்கினாலும், நேற்றைய பெட்டியின் நகல் கிளவுடின் பழைய பதிப்புகளில் இருக்கும், அதில் P14 இருப்பார். முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினாலும் பயனில்லை, பழைய நகல் பழைய முதன்மைப் பாஸ்வேர்டுக்குத் திறக்கும். போதாததற்கு, அந்த நிரலில் நீக்கிய பதிவு முதலில் அதன் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ஒலியை அழிக்க முடியாத சிக்கலைச் சாவியை அழிக்க முடியாத சிக்கலாக மாற்றியிருப்போம், அவ்வளவுதான்.

சிரிக்காமல் கேளுங்கள்: காகிதம். ஒரு பங்கேற்பாளருக்கு ஒரு துண்டுச் சீட்டு. சொல் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு பகடை உருட்டி ஆறு சொல் எடுங்கள், சீட்டில் எழுதுங்கள். இதே போல இரண்டாவது தொகுதி. ஒன்று உங்கள் பூட்டிய இழுப்பறையில், மற்றது கைடின் அலமாரியில் ஒட்டிய உறையில். P14 விலகும் நாளில் இரண்டு சீட்டையும் கிழித்துப்போட்டால், கிழித்தவருக்குக் கண்ணால் தெரியும். "அழிந்துவிட்டது என்பதை எப்படி உறுதி செய்வீர்கள்" என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. கைடிடம் கொடுக்கும்போது "வசதிக்காக ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன்" என்பார். விடாதீர்கள்.

---

பாதியில்_பட்டம்
புதன், மதியம் 1:30

காகிதம் தொலைந்தால்? நான் பெயர் தவறு மட்டுமல்ல, இதையும் செய்தவன். வெராகிரிப்ட் பெட்டகத்தின் பாஸ்வேர்டு "எப்படியும் ஞாபகம் இருக்கும்" என்று இருந்தேன். மூன்று மாதம் களப்பணி, திரும்பி வந்து தட்டினால் திறக்கவில்லை. ஆறு நேர்காணல் போனது.

இன்னொன்று, அந்தப் பெட்டகத்தைக் கிளவுடில் ஒத்திசையும் கோப்புறையில் வைத்திருந்தேன். உள்ளே எவ்வளவு சேர்த்தாலும் வெளியே கோப்பின் தேதி மாறாது, வெராகிரிப்ட் இயல்பாகவே அப்படித்தான். ஒத்திசைக்கும் நிரல் "ஒன்றும் மாறவில்லை" என்று சும்மா இருந்துவிட்டது. கிளவுடில் இருந்தது முதல் வாரத்துப் பெட்டகம்.

---

ஒலிக்காப்பகம்
புதன், மாலை 5:05

அந்த அமைப்பை விருப்பங்களில் அணைத்துவிடலாம், ஆனால் பலருக்கு இப்படித்தான் தெரிய வருகிறது. காப்புப்பிரதி என்றால் எடுத்தது மட்டும் போதாது, மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நேர்காணலை வெளி வட்டிலிருந்து சீட்டைப் பார்த்துத் திறந்து கேளுங்கள். அப்போது சீட்டு இருக்கிறதா, கையெழுத்து புரிகிறதா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

இரண்டு சீட்டும் தொலைந்தால் நேர்காணல் போய்விடும் என்பது உண்மை. இது ஒரு தேர்வு. உங்கள் பங்கேற்பாளர்களுக்கு எது பெரிய கெடுதல், பதிவு தொலைவதா, வெளியே போவதா? செவிலியர்கள் மேலதிகாரியைப் பற்றிப் பேசும் பதிவுக்கு நான் தொலைவதையே தேர்ந்தெடுப்பேன். வழக்கொழிந்த பாடலைப் பாடும் கடைசிப் பாடகரின் பதிவு என்றால் தலைகீழாகச் சொல்வேன்.

---

முனைவர்_வழிகாட்டி
புதன், இரவு 8:50

நான் நெறியாளராக இருப்பவள். இந்த இழை முழுக்க அழிப்பதைப் பற்றியே போகிறது, எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. தேர்வாளர் "இந்த மேற்கோளை உண்மையிலேயே அவர் சொன்னாரா" என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? எழுத்துப்படியில் தட்டச்சுப் பிழை வரும், கிண்டலாகச் சொன்னதை நேராக எழுதிவிடுவோம். மூலத் தரவைச் சில ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று எத்தனையோ நிறுவனங்களில் விதி இருக்கிறது. எழுத்துப்படி முடிந்ததும் ஒலியை அழிப்பேன் என்று எழுதும் மாணவர்களை நான் திருப்பி அனுப்புவேன்.

---

ஒலிக்காப்பகம்
வியாழன், காலை 6:40

அம்மா, விலகியவரின் பதிவை அழிப்பதும் விலகாத 23 பேரின் பதிவை எவ்வளவு நாள் வைப்பது என்பதும் இரண்டு கேள்வி. முதலாவதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். இரண்டாவதில், எழுத்துப்படி முடிந்ததுமே அழிக்கக் கூடாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். குறைந்தது வாய்மொழித் தேர்வு முடியும்வரை இருக்கட்டும்.

ஆனால் "மூலத் தரவு" என்று விதி சொல்வது ஒலியையா, சரிபார்த்த எழுத்துப்படியையா? பெயரை நீக்கலாம், ஊரை மாற்றலாம், குரலை என்ன செய்வது? சுருதியைக் கூட்டிக் குறைத்தால் போதும் என்பார்கள், திருப்பிக் குறைத்துக் கூட்டினால் பழைய குரல் வந்துவிடும். கூட வேலை செய்பவர் இரண்டு வாக்கியம் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவார்.

---

முனைவர்_வழிகாட்டி
வியாழன், காலை 7:30

எங்கள் துறையில் ஒலிதான் மூலத் தரவு என்று எடுத்துக்கொள்கிறோம். வேறு துறையில் வேறு மாதிரி இருக்கலாம். குழுவிடமே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. எவ்வளவு காலம் வைக்கிறோமோ அந்தக் காலத்தை ஒப்புதல் படிவத்திலும் எழுத வேண்டும், படிவத்தில் ஒன்று திட்டத்தில் ஒன்று என்று இருந்து மாட்டிக்கொள்வதுதான் அதிகம்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. மாணவர்கள் அத்தியாய வரைவை எனக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். அதில் P14-இன் மேற்கோள் நான்கு இருக்கும். ஒலியைத் தேடித் தேடி அழித்துவிட்டு, என் அஞ்சல்பெட்டியில் அவருடைய சொற்கள் கிடந்தால்?

---

இரவுப்பணி_ஆய்வு
வியாழன், இரவு 10:20

அம்மா சொன்னது சுருக்கென்று தைத்தது. நான் ஏற்கெனவே முன்னோட்டப் பதிவின் மேற்கோளை அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். இனி வரைவை இணைப்பாக அனுப்பாமல், பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் ஒரே கோப்பாக வைத்து, கைடை அங்கேயே வந்து படிக்கச் சொல்லப் போகிறேன். அவர் முணுமுணுப்பார்.

படிவத்தின் வாக்கியத்தையும் மாற்றினேன். "எப்போது வேண்டுமானாலும்" என்பதை எடுத்துவிட்டேன். புதியது இது:

"உங்கள் நேர்காணலின் எழுத்துப்படியை உங்களுக்குக் காட்டுவேன். காட்டிய நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். விலகினால், என்னிடம் உள்ள ஒலியையும் எழுத்துப்படியையும் ஒரு வாரத்துக்குள் அழிப்பேன். பல்கலைக்கழகக் காப்புப்பிரதியில் பூட்டப்பட்ட ஒரு பிரதி அதன்பிறகு 90 நாள்வரை இருக்கும், அதைத் திறக்கும் சாவி அழிக்கப்பட்டிருக்கும். எட்டு வாரத்துக்குப் பிறகு உங்கள் சொற்கள் ஆய்வோடு கலந்துவிடும், அதன்பின் உங்களை நேரடியாக மேற்கோள் காட்டுவதை மட்டுமே நிறுத்த முடியும்."

---

ஒலிக்காப்பகம்
வெள்ளி, காலை 6:30

நன்றாக இருக்கிறது. "முழுவதுமாக" என்ற சொல் போனதே பெரிய நிம்மதி.

கார்டு விஷயம் விட்டுப்போயிற்று. நேர்காணல் முடிந்த அன்றே மடிக்கணினிக்கு நகலெடுங்கள், கார்டில் உள்ளதற்கும் நகலுக்கும் கைரேகை ஒன்றா என்று பாருங்கள். ஆனால் கைரேகை சரியாக இருப்பது நகல் சரி என்பதற்கு மட்டுமே சான்று, பதிவு நன்றாக இருப்பதற்கு அல்ல. ஒன்றேகால் மணி நேர நிசப்தத்தைக்கூட அது பிசகில்லாமல் நகலெடுத்துச் சரி என்று சொல்லும். தொடக்கம், நடு, கடைசி மூன்றிலும் ஒரு நிமிடம் காதால் கேளுங்கள். பூட்டிய பிரதி வெளி வட்டிலும் சேமிப்பகத்திலும் சேர்ந்து சரிபார்த்த பிறகுதான் கார்டை வெறுமையாக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் கார்டைத் துறைக்குத் திருப்பித் தராதீர்கள், வேறு கார்டு வாங்கிக் கொடுத்துவிட்டு இதன் சில்லின் நடுவே கத்தரியால் வெட்டிவிடுங்கள். நடுவில் ஒருவர் விலகினாலும் அன்றே கார்டை மாற்றிவிட்டுப் பழையதை வெட்டுங்கள்.

எழுத்துப்படி எழுதும்போது ஒலி திறந்து கிடக்கும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் ஓட்டை, அதை மறைக்க வேண்டாம். ஒரு மணி நேர ஒலியைத் தட்டச்சு செய்ய நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும், ஆக ஒவ்வொன்றும் பல நாள் மடிக்கணினியில் இருக்கும். முழு வட்டுக் குறியாக்கத்தைப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரே நேர்காணலை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். செவன்-ஜிப்பின் சாளரத்துக்குள் இருந்தபடியே இரட்டைச் சொடுக்கால் திறக்காதீர்கள், அது தற்காலிகக் கோப்புறையில் ஒரு நகலைப் போடும், கணினி நடுவில் நின்றுபோனால் அது அங்கேயே தங்கிவிடும். ஆடாசிட்டி கோப்பை எழுத்துப்படி முடிந்த அன்றே நீக்குங்கள்.

---

வட்டு_வைத்தியர்
வெள்ளி, காலை 9:15

அப்படியும் அந்த மடிக்கணினியின் எஸ்எஸ்டியில் எங்கோ ஓர் அறையில் மிச்சம் இருக்குமே? நீங்களே சொன்னதுதானே.

---

ஒலிக்காப்பகம்
வெள்ளி, காலை 9:40

இருக்கும். வட்டே குறியாக்கத்தில் இருப்பதால், அந்த அறையைப் பிரித்தெடுத்துப் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆய்வாளரே பாஸ்வேர்டைப் போட்டு, மீட்பு நிரலை வைத்துத் தோண்டினால் ஏதாவது வருமா என்று கேட்டால், வரவே வராது என்று கையெழுத்துப் போட மாட்டேன். திட்டத்தில் அதை அப்படியே எழுதலாம்.

---

இரவுப்பணி_ஆய்வு
வெள்ளி, இரவு 11:05

இன்று முன்னோட்டப் பதிவை வைத்து ஒத்திகை பார்த்தேன். தோழி விலகிவிட்டதாக வைத்துக்கொண்டு, பிரதிப் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். 40 நிமிடம் ஆனது. கிளவுடில் அழித்தது அதன் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பதை அப்போதுதான் கவனித்தேன், அங்கேயும் போய் அழித்தேன். கடைசியில் சீட்டைக் கிழித்தேன். பிறகு சேமிப்பகத்தில் பழைய பதிப்பாகக் கிடந்த `.7z` கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பார்த்தேன், பாஸ்வேர்டு கேட்டு நின்றது. ஆறு சொல்லில் இரண்டு ஞாபகம் இருந்தது, மற்றவை இல்லை. இந்தப் பட்டியலையும் ஒத்திகைக் குறிப்பையும் பின்னிணைப்பாக வைத்துத் திட்டத்தை மறுபடி அனுப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். இரண்டு செவிலியர்கள் சேர்ந்துதான் பேசுவோம் என்கிறார்கள். ஒரே பதிவு, இரண்டு குரல். அதில் ஒருவர் மட்டும் விலகினால்?

---

ஒலிக்காப்பகம்
சனி, காலை 7:00

அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. விலகியவர் பேசிய இடங்களை வெட்டியெடுத்துப் புதிய கோப்பாகப் பூட்டலாம், பழைய சீட்டைக் கிழிக்கலாம். ஆனால் மற்றவர் "நீ சொன்ன மாதிரி, அந்த ராத்திரி நீதான் ஊசி மாற்றிப் போட்டாய்" என்று சொல்லியிருப்பார். அந்த வாக்கியம் யாருடையது?

---

முனைவர்_வழிகாட்டி
சனி, காலை 8:25

நானாக இருந்தால், ஒருவர் விலகினால் முழுப் பதிவும் போகும் என்று இருவரிடமும் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்குவேன். என் சக பேராசிரியர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார், தங்கிவிட்டவரின் பேச்சை அழிக்க மற்றவருக்கு என்ன உரிமை என்பார். தனித்தனியாகப் பேசச் சம்மதிப்பார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

---

இரவுப்பணி_ஆய்வு
சனி, காலை 8:31

கேட்டேன், மாட்டார்களாம். "தனியாக என்றால் பயமாக இருக்கிறது" என்கிறார்கள்.